கடைமடை அறைக்குத் தண்ணீர்

பெரிய கட்டடங்களில் ஏதோ ஒரு மூலை அறை குளிரவில்லை என்று புகார் வந்தால், பராமரிப்பு ஆட்களின் கை முதலில் போவது பம்புக்குத்தான். வேகத்தை ஏற்றுவார்கள். அதற்கும் அடங்காவிட்டால் பெரிய பம்பாக மாற்றுவார்கள். மூலை அறைக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் போகும், உண்மைதான். ஆனால் பம்புக்குப் பக்கத்தில் இருக்கும் அறைகளில் ஏற்கனவே தேவைக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும். ஏற்றிய வேகத்தில் பெரும்பங்கு அங்கேதான் போய்ச் சேரும். வாய்க்கால் பாசனம் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தலைமடைக்காரர் மடையை முழுசாகத் திறந்து வைத்திருந்தால், அணையில் எவ்வளவு திறந்துவிட்டாலும் கடைமடை காய்ந்துதான் கிடக்கும். கடைமடைக்கு நீர் வர வேண்டுமென்றால் தலைமடையில் கை வைக்க வேண்டும். குளிர்நீர்ச் சுற்றில் அந்த மடை பேலன்சிங் வால்வு.

சென்னையில் என் பிழைப்பு இதுதான். குழாய்க்காரர்கள் வேலை முடித்து, சில்லர் ஓடத் தொடங்கிய பிறகு உள்ளே போவோம். ஒவ்வொரு எந்திரத்துக்கும் வரைபடத்தில் சொன்ன அளவு தண்ணீர் போகிறதா என்று அளந்து, வால்வுகளைத் திருகிச் சரிசெய்து, எழுதிக் கொடுப்போம். பல கட்டடங்களில் இந்த வேலையைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுவார்கள். சில கட்டடங்களில் செய்யவே மாட்டார்கள். செய்யாமல் விட்ட ஒரு ஓட்டலைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

ஆறு மாடிப் பழைய கட்டடம். பின்புறம் சில வருடங்களுக்குப் பிறகு எழுப்பிய நாலு மாடிப் புதுக் கட்டடம். சில்லரும் பம்பும் பழைய கட்டடத்தின் அடித்தளத்தில். புதுக் கட்டடத்துக்கு அங்கிருந்தே ஒரு நீண்ட குழாயை இழுத்துக்கொண்டு போயிருந்தார்கள். பழைய கட்டடத்தில் ஒவ்வொரு மாடியிலும் இரண்டு கிளைகள், புதியதில் மாடிக்கு ஒன்று. கிளைக்குப் பத்து அறைகள். ஆக மொத்தம் 160 அறைகள். ஒவ்வொரு அறையிலும் குளியலறைக்கு வெளியே ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல் ஒன்றரை டன் ஃபேன் காயில் யூனிட் ஒன்று. அதற்குள் இருப்பது ஒரு விசிறி, ஒரு செம்புக் குழாய்ச் சுருள், கீழே ஒரு தட்டு. சுருளுக்குள் 7 டிகிரி தண்ணீர் நுழைந்து, அறையின் சூட்டை வாங்கிக்கொண்டு 12.5 டிகிரியில் வெளியேற வேண்டும். அதற்கு நிமிடத்துக்குச் சுமார் 14 லிட்டர் ஓட வேண்டும்.

புதுக் கட்டடத்தின் மேல்மாடியில் கடைசி நாலைந்து அறைகளில் புகார். புகார் என்னவென்று கேட்டால் யாரும் சூடு என்று சொல்லவில்லை. "ஏசி ஓடுது சார், ஆனா படுக்கை ஈரமா இருக்கிற மாதிரி இருக்கு, ஒரு வாடை அடிக்குதுன்னு கெஸ்ட் சொல்றாங்க" என்றார் சீஃப் இன்ஜினியர். சுவரொட்டித் தாள் ஓரங்களில் பிரிந்து, பின்னால் கறுப்பாகப் பூசணம் பிடித்திருந்தது. தெர்மோஸ்டாட்டில் 25 காட்டியது. கையோடு கொண்டுபோன ஈரப்பதமானியில் 70 விழுக்காடு.

இதைக் கேட்டதுமே தண்ணீர் குறைவு என்ற சந்தேகம் எனக்கு வந்துவிடும். காரணம், சுருளின் குணம். சுருளுக்குள் ஓடும் தண்ணீரைப் பாதியாக்கினால் குளிர்ச்சி பாதியாவதில்லை. கிட்டத்தட்ட முக்கால்வாசி கிடைத்துக்கொண்டுதான் இருக்கும். தண்ணீர் மெதுவாகப் போவதால் அதிகச் சூட்டை வாங்கிக்கொண்டு வெளியேறும், அவ்வளவுதான். ஆகவே அறை வெப்பநிலை ஓரளவு சமாளித்துவிடும். ஆனால் சுருளின் மேற்பரப்பு சராசரியாகச் சூடேறிவிடும். காற்றிலிருந்து ஈரம் வடிய வேண்டுமானால் சுருள் காற்றின் பனிநிலையை விட நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும்; நம் ஊர் வசதியான அறைக் காற்றின் பனிநிலை 13, 14 டிகிரிதான். சுருள் 9, 10 டிகிரியில் இருக்கும்வரை தட்டில் தண்ணீர் சொட்டும். சுருள் சூடேறச் சூடேற, குளிர்ச்சி குறைவதற்கு முன்பே ஈரம் வடிவது குறைந்துவிடும். தெர்மோஸ்டாட்டுக்கு ஈரம் தெரியாது. அதனால்தான் சென்னையில் தண்ணீர்ப் பற்றாக்குறை, சூடாக வெளிப்படுவதற்கு முன் பூசணமாக வெளிப்படுகிறது.

இதே குணத்தின் மறுபக்கமும் முக்கியம். ஒரு சுருளுக்கு ஒன்றரை மடங்கு தண்ணீர் கொடுத்தாலும் குளிர்ச்சி பத்து விழுக்காடுகூட ஏறாது. ஆக, பழைய கட்டடத்து அறைகள் அதிகப்படியாக இழுத்துக்கொள்ளும் தண்ணீரால் அவற்றுக்குப் பெரிய லாபம் எதுவும் இல்லை. அங்கே குறைத்தால் யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். பேலன்சிங் என்ற வேலை சாத்தியமாக இருப்பதே இதனால்தான்.

"பம்ப பெருசா மாத்திட்டோம் சார். ஸ்பீடும் 50 ஹெர்ட்ஸ்லதான் ஓடுது. அந்தக் கடைசி ரூம் மட்டும் அடங்கவே மாட்டேங்குது" என்றார் இன்ஜினியர்.

நான் அடித்தளத்துக்குப் போய் முதலில் பார்த்தது பம்பை அல்ல, சில்லர் பக்கத்துச் சுற்றையும் கட்டடத்துச் சுற்றையும் இணைக்கும் பைபாஸ் குழாயை. சில்லர் வழியாக ஓடும் தண்ணீரை 100 என்று வைத்துக்கொண்டால், கட்டடத்துப் பம்பு 120 இழுத்துக்கொண்டிருந்தது. மீதி 20 எங்கிருந்து வரும்? கட்டடத்திலிருந்து திரும்பி வரும் தண்ணீரே பைபாஸ் வழியாகப் புகுந்து மறுபடி மேலே போகும். அன்று திரும்பி வந்த தண்ணீர் 11.5 டிகிரி. சில்லர் 7 டிகிரியில் அனுப்பிய தண்ணீருடன் அது கலந்து, கட்டடத்துக்கு ஏறிய தண்ணீர் ஏழே முக்கால் டிகிரியைத் தொட்டிருந்தது. பம்பின் வேகத்தை ஏற்றியதால் கடைசி அறைக்குக் கிடைத்த கொஞ்சநஞ்ச லாபத்தை, தண்ணீரே சூடாகிப்போனதில் அந்த அறை இழந்திருந்தது. பெரிய பம்பு போட்டும் புகார் குறையாமல் போவதற்கு நான் பல இடங்களில் கண்ட காரணம் இதுதான். இதைக் கண்டுபிடிக்க ஒரு தெர்மாமீட்டர் போதும்: சில்லரை விட்டுக் கிளம்பும் தண்ணீருக்கும் கட்டடத்துக்குள் ஏறும் தண்ணீருக்கும் இடையே அரை டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பைபாஸைச் சந்தேகிக்கலாம்.

பிறகுதான் மாடிக்குப் போனோம். சீலிங்கின் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டால், ஒவ்வொரு யூனிட்டின் ரிட்டர்ன் குழாயிலும் 15 மில்லிமீட்டர் பேலன்சிங் வால்வு ஒழுங்காகப் போட்டிருந்தார்கள். எண் போட்ட கைப்பிடி, இரண்டு பக்கமும் ஊசி செருகி அளக்கும் முனைகள், சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று. எல்லாமே கடைசிவரை திறந்து கிடந்தன. சிலவற்றில் தொழிற்சாலையிலிருந்து வந்த பிளாஸ்டிக் மூடிகூடக் கழற்றப்படவில்லை. வால்வுக்குக் காசு கொடுத்திருக்கிறார்கள், திருகுவதற்குக் கொடுக்கவில்லை.

இந்த வால்வு எப்படி அளவுகோலாகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் ஒரு குறுகலான வழியாகப் போகும்போது அழுத்தம் கொஞ்சம் விழும். எவ்வளவு விழுகிறது என்று இரண்டு முனைகளிலும் மேனோமீட்டரின் குழாய்களை மாட்டிப் பார்த்தால், எவ்வளவு ஓடுகிறது என்று கணக்கிட்டுவிடலாம்:

Q = Kv × √ΔP

இடப்பக்கம் மணிக்கு எத்தனை கன மீட்டர் என்பது. வேர்க்குறிக்குள் இருப்பது பார் கணக்கில் அழுத்த வித்தியாசம். நடுவில் இருக்கும் எண், கைப்பிடி எத்தனை சுற்று திறந்திருக்கிறதோ அதற்குத் தகுந்தபடி தயாரிப்பாளர் அட்டவணையில் கொடுத்திருப்பது. அந்த 15 மில்லிமீட்டர் வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது அந்த எண் சுமார் 2.5. நிமிடத்துக்கு 14 லிட்டர் என்றால் மணிக்கு 0.84 கன மீட்டர். அது ஓடினால் மேனோமீட்டர் சுமார் 11.3 கிலோபாஸ்கல் காட்ட வேண்டும். வேர்க்குறி இருப்பதால் ஒன்றை மனதில் வைக்க வேண்டும்: தண்ணீர் பாதியானால் அழுத்த வித்தியாசம் கால்வாசியாகிவிடும். 3 கிலோபாஸ்கலுக்குக் கீழே போனால் அந்த எண்ணை நான் நம்புவதில்லை. தேவைக்கு மேல் பெரிய வால்வு போட்ட கட்டடங்களில் அளவெடுப்பதே தகராறு ஆவதும் இதனால்தான்.

அளப்பதற்கு முன் சுற்று முழுக்கத் திறந்திருக்க வேண்டும். ஓட்டலில் இது லேசான காரியம் இல்லை. விருந்தினர் அறையை விட்டுப் போகும்போது சாவி அட்டையை உருவினால் மின்சாரம் நிற்கும், யூனிட்டின் மோட்டார் வால்வு மூடிக்கொள்ளும். பாதி அறை மூடியிருக்கும்போது அளந்தால் மீதிப் பாதிக்கு நிறையத் தண்ணீர் வரும். கடைசி அறைகூட நன்றாக இருப்பதாகக் காட்டும். அந்த மோட்டாரின் பக்கவாட்டில் ஒரு சின்ன நெம்புகோல் உண்டு. அதைத் தள்ளிக் கொக்கியில் மாட்டினால் மின்சாரம் இல்லாமலே வால்வு திறந்து நிற்கும். 160 அறைகளிலும் ஏறி அதைச் செய்தோம். ஆனால் யாராவது அட்டையைப் போட்டால் மோட்டார் இயங்கி நெம்புகோல் தானாக விடுபட்டுவிடும். பிறகு அட்டையை எடுத்தால் வால்வு மூடிவிடும். அளந்துகொண்டிருக்கும்போது ஒரு கிளையில் எல்லா எண்களும் திடீரென்று கொஞ்சம் ஏறினால், "தம்பி, எவனோ ரூமை விட்டுப் போயிட்டான், போய்ப் பாரு" என்று உதவியாளரை அனுப்புவேன். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

புதுக் கட்டடத்தின் மேல்மாடிக் கிளையை முதலில் எடுத்துக்கொண்டேன். அறைகளை ரைசரிலிருந்து வரிசையாக எண்ணினால், முதல் அறையில் 7.4 கிலோபாஸ்கல், அதாவது தேவையில் 81 விழுக்காடு. அங்கிருந்து எண் இறங்கிக்கொண்டே போய், பத்தாவது அறையில் 4.9, 66 விழுக்காடு. நடுவில் ஏழாவது அறை மட்டும் 41.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். ஏழாவது அறைக்கு முன்னால் உள்ள ஆறாவதில் 71, பின்னால் உள்ள எட்டாவதில் 69. ஏழாவது யூனிட் குழாயில் இவை இரண்டுக்கும் நடுவில்தான் பிரிகிறது. ஆகவே அதற்குக் கிடைக்கும் அழுத்தமும் இவை இரண்டுக்கும் நடுவில்தான் இருந்தாக வேண்டும். ஒரே மாதிரிச் சுருள், ஒரே மாதிரி வால்வு, எல்லாமே திறந்திருக்கிறது. அப்படியிருந்தும் தண்ணீர் குறைந்தால் அந்த யூனிட்டுக்குள் ஏதோ அடைத்திருக்கிறது. எந்த வால்வைத் திருகியும் இதைச் சரிசெய்ய முடியாது, திருகவும் கூடாது. இதைக் கவனிக்காமல் ஏழாவதை அளவுகோலாக வைத்துக்கொண்டால், மற்ற ஒன்பது அறைகளையும் அந்த நோயாளி யூனிட்டின் அளவுக்குக் கீழே இறக்க வேண்டியதாகும்.

மோட்டார் வால்வு முழுதாகத் திறந்திருக்கிறதா என்று அதன் குறிகாட்டியில் பார்த்தோம், சரி. சுருளின் உச்சியில் இருக்கும் காற்றுத் திருகைத் தளர்த்தினோம். சீறல் இல்லை, உடனே தண்ணீர் வந்தது, அதுவும் சரி. மிச்சம் ஒய் ஸ்ட்ரெய்னர். இரண்டு பக்கத்து வால்வையும் மூடிவிட்டு, கீழே வாளியைப் பிடிக்கச் சொல்லி, மூடியைக் கழற்றினேன். சல்லடைக்குள் சணல் நார், டெஃப்லான் டேப்பின் சுருள், வெல்டிங் கசடு எல்லாம் சேர்ந்து கறுத்த களிம்பாக உறைந்திருந்தது. கழுவி மாட்டி, காற்றை எடுத்துவிட்டு அளந்தால் 70. பிறகு அந்த மாடியில் எல்லா ஸ்ட்ரெய்னரையும் கழற்றச் சொன்னேன். குழாய் போட்டு முடித்ததும் ஒழுங்காக ஃப்ளஷ் செய்திருந்தால் இந்த வேலையே இருந்திருக்காது.

இப்போது பேலன்சிங். எண்களைப் பார்த்தால் எல்லா அறையிலும் தண்ணீர் குறைவு. 81 கிடைக்கும் முதல் அறையிலும்கூடத் தேவைக்குக் கீழே. அப்படியிருக்க அதை இன்னும் மூடுவதா என்று புதிதாக வருகிறவர்கள் தயங்குவார்கள். என் உதவியாளரும் கேட்டான்: "அண்ணே, எல்லாத்துலயும் கம்மியாத்தான் இருக்கு. மூட ஆரம்பிச்சா இன்னும் கம்மியாகாதா?"

இந்தத் தொழிலின் மையமே இந்தக் கேள்விக்கான பதிலில் இருக்கிறது. இந்தக் கட்டத்தில் நாம் லிட்டரைப் பார்ப்பதில்லை, விகிதத்தைப் பார்க்கிறோம். ஒரு கிளைக்குள் பத்து யூனிட்டும் தத்தம் தேவையில் ஒரே விழுக்காட்டைப் பெறும்படி வைத்துவிட்டால், பிறகு அந்தக் கிளைக்கு மொத்தமாக எவ்வளவு தண்ணீர் வந்தாலும், ஏறினாலும் இறங்கினாலும், பத்தும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். கிளைக்குள் ஓட்டத்தைத் தடுக்கும் தடைகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே விதியில், ஓட்டத்தின் இருமடிக்கு ஏற்பத்தான் அழுத்தத்தை விழுங்குகின்றன. அதனால் பங்கு மாறுவதில்லை. முதலில் பங்கைச் சரிசெய். அளவு பிறகு வரும். பிரிட்டனில் சி.ஐ.பி.எஸ்.இ. வெளியிடும் கமிஷனிங் கோட் டபிள்யூ என்ற கையேடு சொல்லும் முறையும் இந்த விகித முறைதான்.

ஆகவே விகிதம் மிகக் குறைந்த பத்தாவது அறை அளவுகோல். அதன் வால்வை முழுதாகத் திறந்தே விட்டுவிடுவோம், தொடுவதே இல்லை. அதில் ஒரு மேனோமீட்டரை மாட்டிவிட்டு உதவியாளரை அங்கேயே நிறுத்திவிட்டேன். நான் ஒன்பதாவது அறைக்குப் போனேன். அங்கே 67. கைப்பிடியைக் கொஞ்சம் மூடினேன். என் எண் இறங்கியது. அந்தத் தண்ணீர் மற்ற அறைகளுக்குப் பிரிந்து போனதால் பத்தாவதில் துளி ஏறியது. இரண்டும் 66.5 ஆனதும் நிறுத்தினேன். பிறகு எட்டாவது. இங்கே மூடும்போது ஒன்பதும் பத்தும் சேர்ந்து ஏறின. அவை இரண்டும் ஒன்றுக்கொன்று சமமாக்கப்பட்டுவிட்டதால் ஒன்றாகவே ஏறும். ஒன்பதாவதை மறுபடி போய்ப் பார்க்க வேண்டியதில்லை. இப்படியே ரைசரை நோக்கி ஒவ்வொன்றாக வந்தேன். ஒவ்வொரு இடத்திலும் என் கேள்வி ஒன்றுதான்: "தம்பி, பத்துல இப்ப எவ்வளவு?" அவன் சொல்லும் விழுக்காட்டுக்கு என் அறையை இறக்குவேன். முதல் அறைக்கு வந்து முடித்தபோது பத்து அறையிலும் 72. அளவுகோலாக வைத்த அறை, தன் வால்வு தொடப்படாமலே 66லிருந்து 72க்கு வந்திருந்தது.

கடைசியிலிருந்து முன்னோக்கி வருவதில்தான் இதன் சிக்கனம் இருக்கிறது. முதல் அறையிலிருந்து ஆரம்பித்து லிட்டர் கணக்கில் 14க்குத் திருகிக்கொண்டே போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு வால்வைத் தொடும்போதும் ஏற்கனவே சரிசெய்த எல்லாமே கலைந்துவிடும். மறுபடி முதலிலிருந்து வருவார்கள். மூன்று முறை சுற்றி வந்த பிறகு அலுத்துப்போய் எண்களை எழுதிவைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அந்தத் தாளில் எல்லா அறையிலும் 14.0 என்று இருக்கும். அப்படியொரு தாளைப் பார்த்தால் எனக்கு நம்பிக்கை வராது. நிஜக் கட்டடத்தில் 13.4, 14.6, 13.8 என்றுதான் இருக்கும். பத்து விழுக்காடு கூடுதல் குறைச்சலை ஒப்பந்தமே அனுமதிக்கிறது. சுருளும் அதைப் பொருட்படுத்தாது.

இதே போல எல்லாக் கிளைகளுக்குள்ளும் பங்கைச் சரிசெய்தோம். பழைய கட்டடத்தில் எண்கள் இதற்கு நேர்மாறு. ரைசர் ஓரத்து அறைகளில் 145, கிளைக் கடைசியில் 125. அந்த மாடிகளில் சில அறைகளில் கட்டிலில் படுத்தால் சீலிங்கிலிருந்து லேசான சீறல் கேட்கும். விருந்தினர்கள் அதை விசிறிச் சத்தம் என்று நினைத்திருந்தார்கள்.

அடுத்த கட்டம், கிளைகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவது. ஒவ்வொரு கிளையின் தொடக்கத்திலும் 50 மில்லிமீட்டர் பேலன்சிங் வால்வு ஒன்று இருந்தது. புதுக் கட்டடத்து மேல்மாடிக் கிளை 72ல் நிற்கிறது, அதுதான் இப்போது அளவுகோல். அந்தக் கட்டடத்தின் மற்ற மூன்று கிளைகளையும் அதற்குச் சமமாக்கினோம். பிறகு பழைய கட்டடத்தின் பன்னிரண்டு கிளைகள். சராசரியாக 135ல் ஓடும் கிளைகளை ஒவ்வொன்றாக மூட மூட, புதுக் கட்டடத்தில் எண் ஏறத் தொடங்கியது. எண்பதைத் தாண்டி, தொண்ணூற்றைத் தாண்டி, கடைசிக் கிளையை முடித்தபோது எல்லா இடத்திலும் 101, 102. மேல்மாடியில் பத்து அறைகளையும் மறுபடி அளந்தேன். 72ல் சமமாக்கிவைத்த பத்தும் சேர்ந்தே ஏறி வந்திருந்தன. அவற்றுக்கிடையே இரண்டு விழுக்காட்டுக்கு மேல் வித்தியாசம் இல்லை. எத்தனையோ தடவை பார்த்தும், இதைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

பழைய கட்டடத்தில் பெரிய அளவில் அழுத்தத்தை விழுங்கும் வேலையைக் கிளை வால்வுக்குக் கொடுத்ததற்குக் காரணம் உண்டு. புதுக் கட்டடத்துக்குப் போகும் நீண்ட குழாய் தேவைக்குச் சிறியது; முழு ஓட்டத்தில் கிட்டத்தட்ட 100 கிலோபாஸ்கலை அதுவே சாப்பிட்டது. அதே அளவைப் பழைய கட்டடத்துக் கிளைகளிலும் எங்காவது வீணடித்தால்தான் இரண்டு பக்கமும் சமமாகும். அந்த 100ஐயும் அறைக்குள் இருக்கும் 15 மில்லிமீட்டர் வால்வில் விழவைத்தால் படுக்கைக்கு மேலே விசிலடிக்கும். நடைபாதை சீலிங்கில் இருக்கும் பெரிய வால்வில் விழுந்தால் யாருக்கும் தொந்தரவில்லை.

ஆனால் 100 கிலோபாஸ்கல் என்பது பம்பு மின்சாரம் செலவழித்து உருவாக்கிய அழுத்தம். கட்டடத்தின் முக்கால்வாசித் தண்ணீருக்கு அதை உருவாக்கி, வால்வில் கொன்றுகொண்டிருக்கிறோம். இதை நான் அறிக்கையில் மறைக்காமல் எழுதினேன். பேலன்சிங் பங்கைத்தான் சரிசெய்யும். தவறான அளவுக் குழாயைச் சரிசெய்யாது. புதுக் கட்டடத்தின் குழாயில் தனியாக ஒரு சின்ன பம்பு வைத்தால், பெரிய பம்பு பழைய கட்டடத்துக்குத் தேவையான அழுத்தத்தை மட்டும் கொடுத்தால் போதும். அது முதலாளி முடிவெடுக்க வேண்டிய செலவு. அன்றைக்கு அவர்கள் கேட்டது பூசணம் போக வேண்டும் என்பது.

பம்பு 120 இழுத்துக்கொண்டிருந்த இடத்தில் இப்போது 102. பைபாஸ் வழியாக ரிட்டர்ன் தண்ணீர் புகுவது ஏறக்குறைய நின்று, கட்டடத்துக்கு ஏறும் தண்ணீர் ஏழு டிகிரியை ஒட்டி இறங்கியது. கடைசி அறைக்கு அதிகத் தண்ணீர் கிடைத்ததோடு குளிர்ந்த தண்ணீரும் கிடைத்தது. மறுநாள் காலையில் அந்த அறை யூனிட்டின் வடிகுழாயில் தண்ணீர் ஓடுவதைக் கண்ணால் பார்த்தோம். தெர்மோஸ்டாட்டில் எண் மாறவே இல்லை, அதே 25. ஈரப்பதம் 56க்கு வந்திருந்தது. பெரிய பம்பைப் பற்றி இன்ஜினியர் அதன் பிறகு பேசவில்லை.

இவ்வளவும் எல்லா வால்வும் திறந்திருக்கும் முழு ஓட்டத்துக்கான சமன். ஓட்டல் அப்படி ஓடும் நேரம் குறைவு. பகல் பதினொரு மணிக்குப் பாதி அறைகளில் அட்டை இருக்காது. மோட்டார் வால்வுகள் மூடிக்கொள்ளும். குழாய்களில் ஓட்டம் குறைய, வழியில் விழும் அழுத்தமும் குறைய, திறந்திருக்கும் அறைகளின் மேல் பம்பின் அழுத்தம் முழுசாக வந்து விழும். நாங்கள் திருகிவைத்த வால்வு அசையாமல் நிற்கும் ஒரு தடை. அழுத்தம் இரண்டு மடங்கானால் அதன் வழியே ஓட்டம் 1.4 மடங்காகிவிடும். பைபாஸ் தொல்லை பகுதிச் சுமையில் மறுபடி தலைகாட்டும். இதை மட்டுப்படுத்த இரண்டு காரியங்கள் செய்யச் சொன்னேன்.

ஒன்று, பம்பின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் அழுத்த சென்சாரின் இடம். அது பம்புக்குப் பக்கத்திலேயே ஹெட்டரில் மாட்டியிருந்தது; ஓட்டம் குறைந்தாலும் பம்பு அங்கே அதே அழுத்தத்தைத்தான் பிடித்துவைத்திருக்கும். அதைப் புதுக் கட்டடத்து மேல்மாடிக் கிளையின் நுழைவாயிலுக்கு மாற்றச் சொன்னேன். எந்த எண்ணைப் பிடித்துவைக்க வேண்டும் என்பது பேலன்சிங் முடிந்த அன்றே தெரிந்துவிடும்: முழு ஓட்டத்தில் அந்தக் கிளையின் சப்ளைக்கும் ரிட்டர்னுக்கும் இடையே எவ்வளவு இருந்ததோ அதுதான். அங்கே 58 கிலோபாஸ்கல். அதை வைத்தால் பாதி அறைகள் மூடியிருக்கும்போது பம்பு தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மின்சாரம் நிஜமாக மிச்சமாகும் இடம் இதுதான். இரண்டாவது, பழைய கட்டடத்துக் கிளைகளில் அழுத்த வித்தியாசத்தைத் தானே பிடித்துவைக்கும் கட்டுப்பாட்டு வால்வுகள். சென்சாரை உடனே மாற்றினார்கள். கட்டுப்பாட்டு வால்வுகளை மாடி மாடியாக, புதுப்பிக்கும் வேலை வரும்போது போடுவதாகச் சொன்னார்கள்.

இப்போது வரும் புதுக் கட்டடங்களில் யூனிட்டுக்கு யூனிட், ஓட்டத்தைத் தானே மாறாமல் வைத்துக்கொள்ளும் பிக்வி வால்வு போடுகிறார்கள். அழுத்தம் ஏறினாலும் இறங்கினாலும் குறித்துவைத்த லிட்டரைத்தான் விடும். நல்ல சாதனம், அங்கே விகித முறைக்கு வேலையே இல்லை. ஆனால் அதற்கு வேலைசெய்ய ஒரு குறைந்தபட்ச அழுத்தம் வேண்டும். அது கிடைக்காத கடைசி யூனிட்டில் வெறும் திறந்த வால்வாகத்தான் இருக்கும். ஆகவே கடைசி யூனிட்டிலாவது மேனோமீட்டரை மாட்டிப் பார்த்தே ஆக வேண்டும். அழுக்கையும் அது தாங்காது. ஏழாவது அறையில் பார்த்த அந்தக் களிம்பு பிக்விக்குள் போனால் கழுவி மாட்டுவது அவ்வளவு சுலபமில்லை. பிக்வியும் போட்டு அதற்குப் பக்கத்திலேயே பழைய பேலன்சிங் வால்வும் போடும் வரைபடங்களும் வருகின்றன. இரண்டு வேண்டாம் என்று ஒவ்வொரு முறையும் எழுதிக் கொடுக்கிறேன். இரண்டாவது வால்வு அழுத்தத்தைத் தின்பதைத் தவிர அங்கே வேறெதுவும் செய்வதில்லை.

அந்த ஓட்டலை விட்டுக் கிளம்புமுன் ஒவ்வொரு கைப்பிடியிலும் நினைவுப் பூட்டைப் போட்டோம். கைப்பிடியின் நடுவில் ஒரு சின்ன உள்திருகு இருக்கும். அதை அடிவரை இறக்கிவைத்தால், பிறகு யாராவது சுருளைக் கழுவ வால்வை மூடினாலும், மறுபடி திறக்கும்போது நாங்கள் வைத்த இடத்துக்கு மேல் திறக்காது. எத்தனை சுற்று என்பதை அறை எண்ணோடு தாளில் எழுதி, ஒரு பிரதியை இன்ஜினியரிடமும் ஒன்றைப் பம்பு அறைப் பேனலின் கதவுக்குள்ளும் வைத்தோம். ஒவ்வொரு யூனிட்டின் சீலிங் கதவின் உட்புறத்திலும் அந்த அறையின் எண்ணை மார்க்கர் பேனாவால் எழுதச் சொன்னேன். தாள் தொலைந்துபோகும்; சுருள் கழுவ ஏணியில் ஏறுகிற ஆள் கட்டாயம் பார்க்கிற இடம் அந்தக் கதவு.